சந்தைச் சுங்கம் யாருக்காக?

நகரசபை என்றால் தெருவிளக்கு, குடிதண்ணீர், குப்பை வண்டி என்றுதான் நம் தோழர்களில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வார்டுக் கூட்டங்களில் பேசப்படுவதும் அவைதான். ஆனால் வடலூரைப் போன்ற ஓர் ஊரில், ஏழையின் வருமானத்தைக் கூட்டவோ குறைக்கவோ நகரசபையிடம் இருக்கும் பெரிய கருவி தெருவிளக்கு அல்ல. சந்தைதான் அது. அந்தச் சந்தையில் வசூலாகும் சுங்கம் எவ்வளவு, அதை வசூலிப்பது யார், அது எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளைத் தொழிலாளி வர்க்கம் இதுவரை உரக்கக் கேட்டதில்லை. இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

வடலூர் நாலு ரோடு கூடும் ஊர். கிழக்கே கடலூர், மேற்கே விருத்தாசலம், வடக்கே பண்ருட்டி, தெற்கே சேத்தியாத்தோப்பு. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் சுரங்கம் தோண்டும் வேலை தொடங்கியது. அன்று முதல் சுற்றுவட்டாரத்தில் நிலம் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நிலம் போன பிறகு என்ன ஆகிறது என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். பெண்ணுக்கு நடவும் களையெடுப்பும் இருந்த நாட்கள் குறைந்துவிட்டன. மிச்ச நாட்களுக்கு அவளுக்குக் கிடைக்கும் ஒரே தொழில் கூடை தூக்குவதுதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரிக்கொட்டையும், அக்கம்பக்கத்துக் கீரையும் கத்தரிக்காயும், கடலூர்க் கரையிலிருந்து வரும் கருவாடும் அவள் தலையில் ஏறிச் சந்தைக்கு வருகின்றன. நெய்வேலியிலும் ஆலைகளிலும் கொடுக்கப்படும் கூலியில் ஒரு பகுதி அதே சந்தையில் செலவாகிறது. ஆகவே சந்தைச் சுங்கம் ஏறினால், விற்கிற விவசாயத் தொழிலாளியும் அடிபடுகிறாள்; வாங்குகிற மில் தொழிலாளியும் அடிபடுகிறான். இருவரும் பல சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்!

2021-ல் வடலூர் பேரூராட்சி நகரசபையாக உயர்த்தப்பட்டது. அந்தஸ்து உயர்ந்தது என்று தோரணம் கட்டினார்கள். நல்லது. ஆனால் கூடைக்காரிக்கு இதனால் என்ன உயர்ந்தது என்று பார்க்க வேண்டாமா?

முதலில், சந்தைச் சுங்கம் வசூலாகும் முறையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஸ்தல ஸ்தாபனங்கள் சந்தை வசூலைத் தங்கள் சிப்பந்திகளைக் கொண்டு செய்வதில்லை. ஏலம் விடுகின்றன. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருஷத்துக்கு வசூலிக்கும் உரிமை யாருக்கு என்று, அந்த வருஷம் பிறப்பதற்கு முன்பே ஏலம் நடக்கும். டேவணித் தொகை கட்டியவர்கள் கேட்பார்கள். அதிகம் கேட்டவருக்குக் குத்தகை. அவர் முழுத் தொகையையோ, கிஸ்தி கிஸ்தியாகவோ நகரசபைக்குக் கட்டிவிட்டு, பிறகு சந்தையில் நிற்கிறவர்களிடம் வசூலித்துக்கொள்வார். எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்பதைக் குத்தகைதாரர் நிர்ணயிக்கக் கூடாது. நகரசபை தீர்மானம் போட்டு நிர்ணயிக்க வேண்டும். அந்த விகிதத்தைச் சந்தை வாசலில் போர்டு எழுதி வைக்க வேண்டும், அச்சடித்த ரசீது கொடுக்க வேண்டும், உள்குத்தகை விடக் கூடாது என்பவை சாதாரணமாக எல்லாக் குத்தகை ஒப்பந்தங்களிலும் இருக்கும் நிபந்தனைகள்.

காகிதத்தில் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் முறை, தரையில் எப்படி மாறுகிறது? இந்த எழுத்து வேலைக்கு வருவதற்கு முன்பு ஸ்தாபன வேலையாகப் பல சந்தைகளில் நாம் அலைந்திருக்கிறோம். வேறொரு தாலுகாவில் ஒரு சந்தை. ஊர்ப் பெயர் வேண்டாம். கீரைக்கட்டு விற்கும் ஒரு வயதான அம்மாளிடம் ஒரு பையன் வந்து ஐம்பது ரூபாய் கேட்டான். ரசீது கேட்டோம். "அண்ணே, அது ஆபீஸ்ல இருக்கு" என்றான். போர்டு எங்கே என்றோம். சுவரைக் காட்டினான். சுவரில் ஒரு சினிமாப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தபோது அடியில் போர்டு இருந்தது. தரைக்கடைக்கு இருபது ரூபாய்! அந்த அம்மாள் எங்களைத்தான் கோபித்துக்கொண்டாள். "நீங்க இன்னிக்குப் பேசிட்டுப் போயிடுவீங்க, அடுத்த வாரம் எனக்கு எடம் யாரு குடுப்பா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஒருவர் வந்து ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்கிற காரியம் அல்ல இது.

அந்தப் பையன் கெட்டவன், குத்தகைதாரர் பேராசைக்காரர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மற்றப் பாதி ஏலக் கணக்கிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கை நம் வாசகர் ஒவ்வொருவரும் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே போட்டுக் காட்டுகிறோம். கீழே உள்ள எண்கள் வடலூர்ச் சந்தையின் எண்கள் அல்ல. வேறு எந்தச் சந்தையின் எண்களும் அல்ல. கணக்கின் வழி தெரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை.

ஒரு வாரச்சந்தை வருஷத்துக்கு 18,20,000 ரூபாய்க்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 52 சந்தை. வகுத்தால் ஒரு சந்தைக்கு 35,000 ரூபாய். வசூலுக்கு நிற்கும் ஆட்களின் கூலி, ரசீதுப் புத்தகம், மற்றச் செலவு என்று சந்தைக்கு 5,000 ரூபாய். ஆகவே 40,000 ரூபாய் வசூலானால்தான் குத்தகைதாரருக்குப் போட்ட முதல் திரும்பும், லாபம் அதற்குமேல்தான்.

இப்போது மறு பக்கம். சந்தையில் 500 தரைக்கடை; அனுமதித்த கட்டணம் 20 ரூபாய்; ஆக 10,000. விற்பனைக்கு வந்த ஆடு 300, ஆட்டுக்கு 30 ரூபாய், ஆக 9,000. சரக்கு இறக்கும் சிறு வண்டி 100, வண்டிக்கு 40 ரூபாய், ஆக 4,000. எல்லாம் கூட்டினால் 23,000 ரூபாய். சட்டப்படி ஒரு பைசா விடாமல் வசூலித்தாலும் கிடைப்பது இவ்வளவுதான்.

வேண்டியது 40,000. கிடைக்கக்கூடியது 23,000. ஒவ்வொரு சந்தைக்கும் 17,000 ரூபாய் துண்டு விழுகிறது. இந்த மனிதர் பைத்தியக்காரரா, நஷ்டப்படுவதற்காக ஏலம் எடுத்தாரா? இல்லை. அனுமதித்த விகிதத்தில் வசூலிக்கும் எண்ணமே ஏலம் கேட்கும்போது அவருக்கு இல்லை. அது அவருக்கும் தெரியும். கணக்குப் போடத் தெரிந்திருந்தால் ஏலம் விட்ட அதிகாரிக்கும் தெரிந்திருக்கும்.

இந்த 17,000 ரூபாய் யார் தலையில் விழும் என்று பாருங்கள். ஆட்டு வியாபாரிகள் பத்துப் பேராகச் சேர்ந்து வருகிறவர்கள். கூடக் கேட்டால் அடுத்த வாரம் வேறு சந்தைக்கு ஓட்டிப் போய்விடுவார்கள். வண்டிக்காரர் வாசலிலேயே நிறுத்தித் தகராறு செய்வார். பின்னால் வரும் வண்டிகளெல்லாம் நின்றுவிடும். கீரைக் கூடைக்காரியால் இரண்டும் முடியாது. மத்தியானத்துக்குள் விற்காவிட்டால் கீரை வாடிவிடும். பஸ் சார்ஜ் கொடுத்து வந்தவள் வேறு சந்தைக்குப் போக முடியாது. ஆகவே முழுச் சுமையும் தரைக்கடை மேலேயே இறங்குகிறது. 17,000-ஐ 500 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 34 ரூபாய். இருபது ரூபாய்க் கட்டணம் 54 ரூபாய் ஆகிறது. அந்தப் பையன் ஏன் ஐம்பது கேட்டான் என்பது இப்போது புரிகிறதா? ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து இருநூற்றைம்பது ரூபாய் மிச்சம் பார்ப்பவளுக்கு 54 ரூபாய் என்றால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுங்கமாகவே போய்விடுகிறது. எந்த வருமான வரிக்காரன் இந்த விகிதத்தில் வரி கட்டுகிறான்?

ஏலத் தொகை இப்படி ஊதிப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல ஸ்தல ஸ்தாபனங்களில் ஏலத்துக்கு ஆரம்பத் தொகை நிர்ணயிக்கும்போது, முன் வருஷத் தொகையையோ முன் மூன்று வருஷச் சராசரியையோ எடுத்து, அதற்குமேல் ஒரு சதவிகிதம் கூட்டுகிறார்கள். வருஷம் ஐந்து சதவிகிதம் கூடினாலே பத்து வருஷத்தில் தொகை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஆனால் போர்டில் எழுதிய கட்டண விகிதம் பழையதாகவே நிற்கும். கட்டணத்தை உயர்த்தினால் ஜனங்கள் கோபிப்பார்கள், ஓட்டுப் போகும் என்று கவுன்சிலர்கள் அதைத் தொடுவதில்லை. ஏலத் தொகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைக் கூடைக்காரிகள் நிரப்புகிறார்கள்.

இதே கணக்கு நேர் எதிரான மோசடியையும் காட்டிக்கொடுக்கும். அதே சந்தை 5,20,000 ரூபாய்க்கு மட்டும் ஏலம் போனது என்று வையுங்கள். அப்போது சந்தைக்கு 10,000 ரூபாய்தான் நகரசபைக்குப் போகிறது. செலவு 5,000 போக, அனுமதித்த விகிதத்திலேயே குத்தகைதாரருக்குச் சந்தைக்கு 8,000 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல். ஏலம் கேட்க வந்தவர்கள் முன்னாலேயே கூடிப் பேசி, ஒருவரை விட்டுக் குறைவாகக் கேட்க வைத்து, மற்றவர்கள் கைச்செலவு வாங்கிக்கொண்டு ஒதுங்குவது நம் நாட்டில் புதிய வித்தை அல்ல. அங்கே நஷ்டம் ஊர்ப் பொதுப் பணத்துக்கு. ஆக, ஏலத் தொகை மிக அதிகமாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். மிகக் குறைவாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். "இந்த வருஷம் ரிக்கார்டு தொகைக்கு ஏலம் போயிற்று" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதை 52-ஆல் வகுத்துப் பார்க்காமல் கை தட்டாதீர்கள்.

இந்தக் கணக்குக்கு வேண்டியது மூன்றே விவரம். ஏலத் தொகை எவ்வளவு, அனுமதித்த விகிதம் என்ன, சந்தைக்கு வருகிற கடையும் ஆடும் வண்டியும் எத்தனை. முதல் இரண்டும் நகரசபை ஆபீசில் இருக்கின்றன. 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுத்தால், 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மனுவில் "ஊழல் நடக்கிறதா" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. "கடந்த ஐந்து வருஷங்களின் ஏலத் தொகை, குத்தகை ஒப்பந்த நகல், கட்டண விகிதம் நிர்ணயித்த தீர்மானத்தின் நகல், சந்தைப் பராமரிப்புக்குச் செலவான தொகை" என்று ரிக்கார்டைக் கேளுங்கள். மூன்றாவது விவரத்துக்கு எந்த ஆபீசும் வேண்டாம். வாசலில் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு விடியற்காலை முதல் மத்தியானம் வரை நின்றால் போதும். ஒரு வாரம் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். மழை நாளும் பண்டிகைக்கு முந்திய நாளும் ஒன்றல்ல. குறைந்தது நாலு வாரம் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும்.

வடலூரில் என்ன நடக்கிறது என்று நாம் இங்கே குற்றம் சாட்டவில்லை. எண்ணிப் பார்க்காமல் குற்றம் சாட்டுவது நம் வழக்கமல்ல. எண்ணிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

அடுத்த கேள்வி, வசூலான பணம் எதற்கு? வரி வேறு, கட்டணம் வேறு. இந்த வித்தியாசத்தை 1954-லேயே நம் மாகாணத்திலிருந்து போன சிரூர் மடம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் எடுத்துச் சொல்லியிருக்கிறது. வரி பொதுச் செலவுக்கு. கட்டணம், கொடுக்கிறவருக்குச் செய்யும் சேவைக்கு. வாங்கிய ரூபாய்க்கு ரூபாய் சேவை செய்தாக வேண்டும் என்ற அளவுக்குப் பின்னால் வந்த தீர்ப்புகள் போகவில்லை. ஆனாலும் சந்தைக் கட்டணம் வாங்குகிற ஸ்தாபனம் சந்தைக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க முடியாது என்பது நிற்கிறது. ஆகவே கூரை, தண்ணீர், விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்களுக்குக் கக்கூஸ் ஆகியவற்றைக் கேட்பது தர்மம் கேட்பதல்ல. இருபது ரூபாய்க்கு உரிய சரக்கைக் கேட்பதுதான். விடியற்காலை வந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை ஒவ்வொரு சந்தையிலும் பார்க்கலாம். ஏன் குடிப்பதில்லை என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

சந்தையைக் கட்டுகிறோம் என்று வரும்போதும் எச்சரிக்கை வேண்டும். 2021-22 முதல் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் பழைய சந்தைகளை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கூரையும் தரையும் வந்தால் வரவேற்கிறோம். ஆனால் ஷட்டர் போட்ட கடைகளாகக் கட்டி, டெபாசிட்டும் மாத வாடகையும் வைத்து ஏலம் விட்டால், பழைய தரைக்கடைக்காரிக்கு அங்கே இடம் ஏது? பிளான் காட்டும்போதே கேட்க வேண்டியது இதுதான்: தரைக்கடைக்கு எத்தனை இடம், இப்போது இருப்பவர்களின் பட்டியல் எங்கே, வேலை நடக்கும் காலத்தில் அவர்கள் எங்கே உட்காருவது, திரும்பி வரும் உரிமை எழுத்தில் உண்டா? இடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஏலத்துக்குப் பதில் என்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஏலம் விடுவதற்கு நகரசபைக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பணம் நிச்சயமாக வந்துவிடுகிறது, முன்கூட்டியே வருகிறது. வாரம் ஒரு நாள் வேலைக்குச் சிப்பந்திகளை வைத்துச் சமாளிக்க வேண்டியதில்லை. நகரசபையே நேரடியாக வசூலித்தால் கூடைக்காரிக்குச் சுமை குறையும். ஆனால் வசூல் செய்யும் சிப்பந்தி ரசீது போடாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் நகரசபைக்கு நஷ்டம். இப்போது பஸ் கண்டக்டர் கையில் இருப்பதுபோன்ற ரசீது மெஷின் வந்துவிட்டதால் இந்தத் திருட்டைக் குறைக்க முடியும், ஒழிக்க முடியாது. வியாபாரிகளின் கூட்டுறவுச் சங்கத்திடமே அனுமதித்த விகிதத்தில் வசூலைக் கொடுப்பது இன்னொரு வழி. தன்னிடமே தான் கூட வாங்கிக்கொள்ள யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் அங்கேயும் டேவணிக்கு முதல் வேண்டும். சங்கம் நாளடைவில் நாலு பெரிய வியாபாரிகளின் கைக்குப் போனால், குத்தகைதாரர் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும். நம் கருத்து இது. நேரடி வசூல், மெஷின் ரசீது, வாரா வாரம் வசூலான தொகையைச் சந்தை வாசலில் எழுதிப் போடுவது. இந்த மூன்றையும் ஒரு வருஷம் செய்து பார்க்கட்டும். ஏலம்தான் என்று பிடிவாதம் பிடித்தால், ஆரம்பத் தொகையைப் பழைய ஏலத் தொகையிலிருந்து கணக்கிடாமல், கடைகளை எண்ணி விகிதத்தால் பெருக்கிக் கணக்கிட வேண்டும். சட்டப்படி வசூலாகக்கூடிய தொகைக்கு மேல் ஒருவர் ஏலம் கேட்டால், அவர் கொள்ளையடிக்கப் போவதாக வாக்குமூலம் கொடுக்கிறார் என்று கருதி அந்தக் கேட்பை நிராகரிக்க வேண்டும்.

சுங்கமே இல்லாமல் சந்தை நடத்த முடியுமா என்ற சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே சுங்கம் இல்லை, தராசு இலவசம், தரகர் இல்லை. அன்றன்றைய விலை போர்டில் எழுதப்படுகிறது. அது நல்ல ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதற்குள் உட்கார அடையாள அட்டை வேண்டும். அட்டை, காய்கறி பயிரிடுகிறவருக்கு; நிலத்தில் என்ன பயிர் இருக்கிறது என்று சரிபார்த்துக் கொடுப்பது. ஒரு காணி நிலம் கூட இல்லாமல், பக்கத்து வயலில் கீரையை மொத்தமாகப் பேசி அறுத்து வந்து விற்பவள் அங்கே வியாபாரி ஆகிவிடுகிறாள், அட்டை கிடையாது. நிலமற்றவளுக்கு மிச்சம் இருப்பது பழைய வாரச்சந்தையும் ரோட்டோரமும்தான்.

ரோட்டோரத்தைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். 2014-ஆம் வருஷம் மே மாதம் முதல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. இதற்கு அடிப்படை, 1989-ல் சோடான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. தெருவில் வியாபாரம் செய்வதும், கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, ஒரு குடிமகனின் தொழில் உரிமைதான் என்றது அது. 2014 சட்டப்படி ஸ்தல ஸ்தாபனம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து எல்லோருக்கும் சர்டிபிகேட் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. வேறு இடத்துக்கு மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகக்கூடிய சரக்காக இருந்தால், கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இயல்பாகக் கூடும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை மாற்றாமல் காக்க வேண்டும் என்றும் அதன் அட்டவணையில் இருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நம் ஊர் வழியாக வந்தபோது, நாலு ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சட்டப்படி ஒவ்வொரு நகரிலும் வியாபாரக் கமிட்டி ஒன்று இருக்க வேண்டும். கமிஷனர் அதன் தலைவர். அங்கத்தினரில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் வியாபாரிகளிலிருந்து, வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வேண்டிய ஆட்களை நியமனம் செய்து கமிட்டி என்று பெயர் வைத்தால் அது சட்டப்படியான கமிட்டி அல்ல. யாரை எங்கே உட்கார வைப்பது என்ற திட்டம் இந்தக் கமிட்டியின் வழியாகத்தான் போக வேண்டும். சட்டத்தின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். கார்ப்பரேஷன், நகரசபை, பேரூராட்சிகளுக்குத்தான் இது பொருந்தும். கிராமப் பஞ்சாயத்துச் சந்தையில் உட்காருகிறவளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே சந்தையும் திருவிழாவும் பஞ்சாயத்தின் பொறுப்பில் வரத்தக்க விஷயங்கள் என்று அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை சொல்கிறது. கிராமசபையில் அதை எழுப்பலாம்.

முதலுக்கு எங்கே போவது? காலையில் தொள்ளாயிரம் கொடுத்து சாயங்காலம் ஆயிரமாக வாங்கும் தண்டல்காரன் சந்தை வாசலிலேயே நிற்கிறான். ஒரே நாளைக்கு நூறு ரூபாய் வட்டி! சுங்கமும் தண்டலும் சேர்ந்தால் கூடைக்காரியின் உழைப்பில் பாதி போய்விடும். 2020-ல் மத்திய சர்க்கார் தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி என்ற கடன் திட்டம் கொண்டுவந்தது. முதலில் பத்தாயிரம், அதை ஒழுங்காகக் கட்டினால் இருபதாயிரம், பிறகு ஐம்பதாயிரம். 2025 ஆகஸ்டில் முதல் இரண்டு தவணைகளைப் பதினைந்தாயிரம், இருபத்தைந்தாயிரம் என்று உயர்த்தினார்கள். ஜாமீன் வேண்டாம், ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஏழு சதவிகிதம் மானியம். பெருமுதலாளிகளுக்குத் தள்ளுபடி செய்யும் கோடிகளுக்கு முன் இது தூசு என்பது சரி. ஆனால் தண்டல்காரனிடமிருந்து ஒரு பெண்ணை மீட்க இந்தத் தூசே போதும். நம் கிராமத்துப் பெண்கள் பலர், "நாங்க டவுன்காரங்க இல்லையே" என்று மனுவே போடுவதில்லை. அது தவறு. சுற்றுக் கிராமத்தில் குடியிருந்து நகர எல்லைக்குள் வந்து விற்கிறவர்களுக்கும் இந்தக் கடன் உண்டு. சர்டிபிகேட் இல்லாவிட்டால் நகரசபையோ வியாபாரக் கமிட்டியோ கொடுக்கும் சிபாரிசுக் கடிதம் போதும். அந்தக் கடிதத்தை எழுதித் தருவது நகரசபையின் கடமை. அதற்குக் காசு கிடையாது.

தொழில் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தையல் பயிற்சி, அழகுக்கலைப் பயிற்சி என்று நடத்தி, சர்டிபிகேட் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சி முடித்த முப்பது பேரும் ஒரே தெருவில் தையல் மெஷின் போட்டால் யாருக்குத் துணி தைப்பது? பலாப்பழமும் முந்திரியும் கொட்டிக் கிடக்கும் வட்டாரத்தில், அவற்றைப் பதம் செய்யவும், பொட்டலம் கட்டவும், உணவுப் பொருள் லைசென்ஸ் வாங்கவும் கற்றுக்கொடுத்து, சந்தையிலேயே ஒரு வரிசையை அதற்கு ஒதுக்கலாம். பயிற்சியும் சந்தையில் இடமும் சேர்ந்து வராவிட்டால் இரண்டும் பயன்படாது.

இனி செய்ய வேண்டிய வேலை. வரும் ஏப்ரலுக்குள் அடுத்த குத்தகை முடிவாகிவிடும். அதற்கு முன்னால்தான் நாம் நுழைய முடியும். நெய்வேலி காண்ட்ராக்ட் தொழிலாளர் தோழர்களும், குறிஞ்சிப்பாடி வட்டார விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் சந்தைக்கு நாலு பேர் வீதம் நோட்டுப் புத்தகத்தோடு நான்கு வாரம் நிற்க வேண்டும். தரைக்கடை, ஆடு, வண்டி மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எண்ணுங்கள். எத்தனை பேரிடம் ரசீது இருந்தது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விற்கிறவர்களின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். அடுத்த வாரமும் அவர்கள் அங்கேயே உட்கார வேண்டும். தகவல் மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள். முப்பது நாள் பிடிக்கும். இரண்டு கணக்கும் கைக்கு வந்ததும் நமக்கு அனுப்புங்கள். நகரசபைக்குக் கொடுக்கும் மகஜரோடு அதையும் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.